குளத்தில் தெரியும் மண்டபம்: இரண்டாவது கேமராவும் அதன் செலவும்

விளையாட்டில் ஒரு குளம். நடுவே நீராழி மண்டபம், சுற்றிலும் படிகள், கரையில் மரங்கள். நீரில் மண்டபம் தலைகீழாகத் தெரியவேண்டும் என்று பிரதிபலிப்பை இயக்கியதும் நொடிக்கு 60 ஃப்ரேம் ஓடியது 35க்கு இறங்கிவிடுகிறது. உடனே பலரும் பிரதிபலிப்பு டெக்ஸ்சரின் அளவைப் பாதியாக்குவார்கள். பெரிதாக ஒன்றும் மாறாது. கால்பங்காக்குவார்கள். அப்போதும் மாறாது, படம் மங்கியதுதான் மிச்சம்.

இது ஏன் என்று புரிய, பிரதிபலிப்பு எப்படி வரையப்படுகிறது என்பதிலிருந்து தொடங்கவேண்டும். கீழே வரும் குறிப்புகள் யூனிட்டியை வைத்து எழுதப்பட்டவை. கணக்கு எல்லா இஞ்சினுக்கும் ஒன்றுதான்.

## கண்ணாடிக்குப் பின்னால் ஒரு கண்

சமதளக் கண்ணாடி ஒன்றில் நாம் பார்க்கும் பிம்பம், கண்ணாடிக்குப் பின்னால் அதே தொலைவில் இன்னொரு கண் இருந்து, கண்ணாடியை ஜன்னலாக வைத்துப் பார்த்தால் தெரியும் காட்சிதான். இடவலம் மட்டும் மாறியிருக்கும். ஆகவே அந்த இடத்தில் இரண்டாவது கேமரா ஒன்றை வைத்து, அது பார்ப்பதை ஒரு டெக்ஸ்சரில் வரைந்து, அந்த டெக்ஸ்சரைக் கண்ணாடியின் மேல் ஒட்டிவிடுகிறோம்.

நம் குளத்தில் நீர்மட்டம் 3 மீட்டர் உயரத்தில் இருக்கிறது என்று கொள்வோம். விளையாடுபவரின் கண் 4.6 மீட்டரில். அதாவது நீருக்கு மேலே 1.6 மீட்டர். அப்படியானால் இரண்டாவது கண் நீருக்குக் கீழே 1.6 மீட்டரில், 1.4 மீட்டர் உயரத்தில் இருக்கும். பொதுவான சூத்திரம் இது:

```
x' = x - 2 (n·x + d) n
```

`n` என்பது தளத்திலிருந்து செங்குத்தாகக் கிளம்பும் ஓரலகுத் திசை. `d` தளத்தின் இருப்பிடத்தைச் சொல்கிறது. கிடைமட்ட நீருக்கு இது `y' = 2h - y` என்று சுருங்கிவிடும். சூத்திரத்தை 4×4 மேட்ரிக்ஸாக எழுதினால் அதுவே பிரதிபலிப்பு மேட்ரிக்ஸ் `R`.

இரண்டாவது கேமராவைத் திருப்பி, சாய்த்து, கோணம் பார்த்து நிறுத்த வேண்டியதில்லை. முதல் கேமராவின் வியூ மேட்ரிக்ஸை `R`ஆல் பெருக்கினால் போதும்.

```csharp
float d = -Vector3.Dot(n, p);        // p: தளத்தின் மேல் ஒரு புள்ளி
Matrix4x4 R = Reflection(n, d);
Matrix4x4 V = cam.worldToCameraMatrix * R;
reflCam.worldToCameraMatrix = V;
reflCam.transform.position = R.MultiplyPoint(cam.transform.position);

Vector4 clip = CameraSpacePlane(V, p, n, -0.05f);
reflCam.projectionMatrix = cam.CalculateObliqueMatrix(clip);

GL.invertCulling = true;
// இங்கே reflCam வரைகிறது
GL.invertCulling = false;
```

இதில் `Reflection`, `CameraSpacePlane` இரண்டும் நாமே எழுதவேண்டிய சிறு பங்ஷன்கள். முதலாவது மேலே சொன்ன சூத்திரத்தை மேட்ரிக்ஸில் நிரப்பும். இரண்டாவது, நீர்த்தளத்தைக் கேமராவின் பார்வைக்கு மாற்றி நான்கு எண்களாகத் தரும்.

வியூ மேட்ரிக்ஸைக் கொடுத்தபிறகும் `transform.position` எதற்கு என்று தோன்றலாம். பொருட்களின் மினுமினுப்பைக் கணக்கிடும் ஷேடர் கண் எங்கே இருக்கிறது என்று கேட்கும்போது யூனிட்டியின் வரைதல் அமைப்பான யூஆர்பி இந்த இடத்தைத்தான் எடுத்துக் கொடுக்கிறது. அதை விட்டுவிட்டால் பிம்பத்தின் வடிவம் சரியாக இருக்கும், ஈரப் படிக்கட்டின் பளபளப்பு மட்டும் தவறான பக்கத்தில் விழும். எளிதில் கண்ணில் படாத பிழை இது.

## மூன்று இடங்களில் தவறும்

1. முகங்கள் உள்வெளியாகத் திரும்புவது. பிரதிபலிப்பு இடவலத்தை மாற்றுவதால், முக்கோணங்களின் சுற்றுத்திசையும் மாறிவிடுகிறது. முன்பக்கத்தைப் பின்பக்கம் என்று நினைத்து ஜிபியூ தள்ளிவிடும். நீரில் மண்டபத்தின் வெளிச்சுவர் இல்லாமல் எதிர்ச்சுவரின் உட்பக்கம் தெரிந்தால் காரணம் இதுதான். `GL.invertCulling` இதைச் சரிசெய்கிறது. ஆனால் வரைந்து முடித்ததும் அதைப் பழையபடி மாற்ற மறந்தால், முதன்மைக் காட்சி முழுவதும் உள்வெளியாகிவிடும்.

2. நீருக்கு அடியில் இருப்பவை குறுக்கே வருவது. இரண்டாவது கண் நீருக்குக் கீழே இருக்கிறது. அதற்கும் நீர்மட்டத்துக்கும் நடுவே குளத்தின் தரை, மூழ்கிய படிகள், மண்டபத்தின் அடித்தூண்கள் எல்லாம் இருக்கின்றன. அவற்றை வெட்டாவிட்டால் பிம்பத்தில் மண்டபத்துக்குப் பதில் சேறுதான் தெரியும். கேமராவின் அருகுத் தளத்தையே சாய்த்து நீர்மட்டத்தோடு பொருத்திவிடுவது வழக்கமான தீர்வு. `CalculateObliqueMatrix` செய்வது அதைத்தான். அருகுத் தளம் சாயும்போது தூரத் தளமும் சேர்ந்து சாய்கிறது. ஆழ மதிப்புகள் வழக்கம்போல் பரவியிருக்காது. அதனால் ஆழத்தை நம்பும் எஃபெக்ட்கள், அதாவது மூலைகளில் நிழல்பூசும் எஸ்எஸ்ஏஓ, ஆழ டெக்ஸ்சரிலிருந்து கணக்கிடும் மூடுபனி, ஓரம் மங்கும் புகை போன்றவை இந்தக் கேமராவில் தப்பாக வரும். அவற்றை இதில் அணைத்துவிடுவதே நல்லது. செலவும் குறையும்.

மேலே வெட்டுத் தளத்துக்கு `-0.05` என்று கொடுத்திருப்பதைக் கவனியுங்கள். நீர்மட்டத்துக்கு 5 சென்டிமீட்டர் கீழே வெட்டுகிறோம். சரியாக நீர்மட்டத்திலேயே வெட்டினால், அலை பிம்பத்தை அசைக்கும்போது படிக்கட்டு நீரைத் தொடும் இடத்தில் வானத்தின் நிறம் ஒரு வெள்ளைக் கோடாகக் கசியும். கொஞ்சம் தாழ்த்தினால் அந்த இடைவெளியில் படியின் கல்லே நிரம்பிவிடும். ஆனால் இதற்கும் ஒரு விலை உண்டு. இந்தக் கணக்கு சரியாக வர, இரண்டாவது கண் வெட்டுத் தளத்துக்குக் கீழே இருந்தாகவேண்டும். விளையாடுபவரின் கண் நீருக்கு மேலே 5 சென்டிமீட்டருக்குள் வந்துவிட்டால் அந்த நிபந்தனை உடைந்து, பிம்பம் ஒரு நொடி கிழிந்ததுபோல் ஆகும். நீந்தும் காட்சி இருந்தால், அந்த உயரத்துக்குக் கீழே போகும்போது பிரதிபலிப்பை நிறுத்திவிடும் நிபந்தனை ஒன்றைச் சேர்த்துவிடுங்கள்.

3. டெக்ஸ்சரைத் தப்பான இடத்தில் ஒட்டுவது. நீர்ப்பரப்பின் மெஷ்ஷில் இருக்கும் சாதாரண யூவியை வைத்து ஒட்டினால் பிம்பம் குளத்தின் மேல் விரித்த போஸ்டர் மாதிரி இருக்கும். இங்கே பயன்படுத்தவேண்டியது திரையில் அந்தப் பிக்சல் இருக்கும் இடம். காரணம் எளிது: நீர்த்தளத்தின் மேல் இருக்கும் புள்ளியை `R` நகர்த்துவதில்லை. ஆகவே அந்தப் புள்ளி முதல் கேமராவில் திரையின் எந்த இடத்தில் விழுகிறதோ, இரண்டாவது கேமராவிலும் அதே இடத்தில்தான் விழும். தனியாக ஒரு மாற்றக் கணக்கும் தேவையில்லை.

```hlsl
float2 uv = screenPos.xy / screenPos.w;
uv += normalWS.xz * _Distort / max(screenPos.w, 1.0);
half3 refl = SAMPLE_TEXTURE2D(_ReflTex, sampler_ReflTex, uv).rgb;
```

இரண்டாவது வரிதான் அலை. சமதளப் பிரதிபலிப்புக்கு உண்மையான அலை தெரியாது. அலையின் சாய்வை வைத்து யூவியைக் கொஞ்சம் நகர்த்தி ஏமாற்றுகிறோம். `screenPos.w`, அதாவது கேமராவிலிருந்து உள்ள ஆழம், அதனால் வகுப்பது முக்கியம். வகுக்காவிட்டால் காலடி அலையும் 100 மீட்டருக்கு அப்பால் இருக்கும் அலையும் திரையில் ஒரே அளவு பிம்பத்தை அசைக்கும். தூரத்து நீர் கொதிப்பதுபோல் இருக்கும்.

## செலவு எங்கே போகிறது

இனி தொடக்கத்தில் பார்த்த சிக்கலுக்கு வருவோம். இரண்டாவது கேமரா என்றால் காட்சி முழுவதையும் இன்னொரு முறை வரைவது. அந்த வேலையில் மூன்று பகுதிகள் உண்டு: எதை வரைவது என்று சிபியூ தேர்ந்தெடுத்து டிரா கால்களை அனுப்புவது, ஒவ்வொரு பொருளின் முனைகளையும் ஜிபியூ கணக்கிடுவது, பிக்சல்களுக்கு நிறம் தீட்டுவது. டெக்ஸ்சரின் அளவைக் குறைப்பது மூன்றாவதை மட்டுமே தொடும். 1920×1080 இலிருந்து 960×540 ஆக்கினால் பிக்சல் 20,73,600 இலிருந்து 5,18,400 ஆகும், நான்கில் ஒரு பங்கு. ஆனால் டிரா கால் ஒன்றுகூடக் குறையாது.

எங்கே சிக்கல் என்று கண்டுபிடிக்க ஒரு சோதனை போதும். பிரதிபலிப்பு டெக்ஸ்சரை 16×16 ஆக்கி ஓட்டிப் பாருங்கள். ஃப்ரேம் நேரம் சட்டென்று இறங்கினால் பிக்சல்தான் செலவு. கிட்டத்தட்ட அப்படியே இருந்தால் செலவு சிபியூவிலோ முனைகளிலோ இருக்கிறது, அளவைக் குறைத்துப் பயனில்லை. மரமும் செடியும் நிறைந்த திறந்தவெளிக் காட்சிகளில் பெரும்பாலும் இந்தக் கடைசி நிலைதான்.

நம் குளத்தை எடுத்துக்கொள்வோம். முதன்மைக் கேமராவில் ஒரு ஃப்ரேமுக்கு 900 டிரா கால் என்று வைத்துக்கொள்வோம்: நிழல் வரைய 250, புல், செடி, சில்லறைப் பொருட்களுக்கு 400, மரங்களுக்கு 150, படி, மண்டபம், சுவருக்கு 90, வானம் முதலியவற்றுக்கு 10. ஒன்றும் செய்யாமல் இரண்டாவது கேமராவை இயக்கினால் இதுவே 1800 ஆகிவிடும். இனி ஒவ்வொன்றாகக் கழிக்கலாம்.

1. நிழல். யூஆர்பியில் ஒவ்வொரு கேமராவும் தனக்கென நிழல் வரைபடத்தைத் திரும்ப வரைகிறது. இரண்டாவது கேமராவின் `renderShadows`ஐ அணைத்தால் 250 போய்விடும், மிச்சம் 650. அசையும் நீரில் நிழல் இல்லாததை யாரும் கவனிக்கமாட்டார்கள். மண்டபத்தின் உட்புறம் மட்டும் அளவுக்குமீறி வெளிச்சமாகத் தெரிந்தால், கட்டடங்களுக்கு முன்கூட்டியே கணக்கிட்ட லைட்மேப் வைத்துவிடலாம்.

2. சில்லறைப் பொருட்கள். புல், கற்கள், பானைகள் எல்லாவற்றையும் ஒரு தனி லேயரில் போட்டு, இரண்டாவது கேமராவின் `cullingMask`இல் அந்த லேயரை எடுத்துவிடுங்கள். மிச்சம் 250. இதில் ஒரு விலக்கு உண்டு: நீருக்குள்ளேயே நிற்கும் கோரை, தாமரைத் தண்டு, கரையில் கட்டிய படகு போன்றவற்றை விட்டுவிடக் கூடாது. நீரைத் தொட்டு நிற்கும் பொருளுக்குப் பிம்பம் இல்லாவிட்டால் கண் உடனே கண்டுபிடித்துவிடும்.

3. மரங்கள். இங்கே பலரும் தூரத்து மரங்களை வெட்டுவார்கள். அது தவறான பக்கம். நீரில் அழுத்தமாகத் தெரிவது எதிர்க்கரையின் விளிம்புக்கோடுதான் (ஏன் என்பது அடுத்த பகுதியில்). வெட்டவேண்டியது கரையோர வரிசைக்குப் பின்னால் மறைந்து நிற்கும் மரங்களை. 150இல் கரையோர மரங்கள் 60 என்றால் மிச்சம் 160. அந்த 60ஐயும் குறைந்த எல்ஓடியில் வரைய, வரைவதற்கு முன் `QualitySettings.lodBias`ஐப் பாதியாக்கி, பிறகு பழைய மதிப்பைத் திருப்பி வைத்துவிடலாம்.

900 கூடுதலாக இருந்தது 160 ஆகிவிட்டது, ஐந்தில் ஒரு பங்குக்கும் கீழே. இதற்குப் பிறகு 960×540 டெக்ஸ்சர் என்பது நியாயமான அளவு, அசையும் நீருக்கு அதற்கு மேல் தேவையில்லை. எம்எஸ்ஏஏ, போஸ்ட் பிராசசிங் இரண்டையும் இந்தக் கேமராவில் நிறுத்திவிடலாம். ஒரே நீர்மட்டத்தில் நாலு குளங்கள் இருந்தால் நாலு கேமரா வேண்டாம். தளம் ஒன்றே என்பதால் ஒரே டெக்ஸ்சர் எல்லாவற்றுக்கும் பொருந்தும். மட்டம் வேறுபட்டால்தான் தனித்தனி.

## எந்தக் கோணத்தில் பார்க்கிறார்கள்

நீர் எல்லாக் கோணத்திலும் ஒரே அளவு பிரதிபலிப்பதில்லை. நேர் மேலிருந்து பார்த்தால் விழும் ஒளியில் 2% தான் திரும்பும், மீதி நீருக்குள் போய்விடும். ஷேடர்களில் வழக்கமாகப் பயன்படும் ஷ்லிக் தோராயத்தின்படி செங்குத்திலிருந்து 60° சாய்வில் 5%, 80° சாய்வில் 40% அளவுக்கு வரும். அதற்கு மேல் வேகமாக ஏறி, கிடைமட்டத்தை நெருங்கும்போது கண்ணாடியாகவே ஆகிவிடும்.

எதிர்க்கரையருகே இருக்கும் நீரைத்தான் நாம் அப்படிச் சாய்வாகப் பார்க்கிறோம். அதனால்தான் தூரத்து மரவரிசை முக்கியம், காலடிப் புல் முக்கியமில்லை. இன்னொன்றும் இதிலிருந்து வருகிறது: கேமரா மேலிருந்து கீழ்நோக்கிப் பார்க்கும் விளையாட்டாக இருந்தால் இரண்டாவது கேமராவே வேண்டாம். 5% பிம்பத்துக்காகக் காட்சியை இரண்டுமுறை வரைவது வீண்செலவு. வானத்தின் கியூப்மேப் ஒன்றே போதும்.

## ஒரு ஃப்ரேம் விட்டு ஒரு ஃப்ரேம்

பிரதிபலிப்பை இரண்டு ஃப்ரேமுக்கு ஒருமுறை வரைந்தால் சராசரிச் செலவு பாதியாகும். செய்து பார்த்தவர்கள் பலர், கேமராவைத் திருப்பும்போது பிம்பம் நீரில் வழுக்கி வழுக்கி ஓடுவதைப் பார்த்துவிட்டுக் கைவிடுகிறார்கள். வழுக்குவதற்குக் காரணம் பழைய படத்தைப் புதிய திரையிடத்தில் தேடுவதுதான். படம் வரைந்தபோது இருந்த முதன்மைக் கேமராவின் வியூ-புரொஜெக்‌ஷன் மேட்ரிக்ஸைச் சேமித்து வையுங்கள். ஷேடரில் நீர்ப்புள்ளியின் உலக இடத்தை அந்தப் பழைய மேட்ரிக்ஸால் பெருக்கி யூவியைப் பெறுங்கள். பிம்பம் நீரோடு ஒட்டிக்கொள்ளும்.

அப்போதும் திரையின் ஓரத்தில், முந்தைய ஃப்ரேமில் பார்க்காத நீர் கொஞ்சம் இருக்கும். டெக்ஸ்சரை கிளாம்ப் முறையில் வைத்து, இரண்டாவது கேமராவின் பார்வைக் கோணத்தைச் சில டிகிரி அகலமாக்கினால் அது மறைந்துவிடும். அகலமாக்கினால் சேமிக்கும் மேட்ரிக்ஸிலும் அதே அகலமான புரொஜெக்‌ஷன் இருக்கவேண்டும், இல்லையென்றால் பிம்பம் சுருங்கித் தெரியும். இன்னொரு குறை: ஒரு ஃப்ரேம் 30 மில்லிசெகண்டும் அடுத்தது 20மாக மாறி மாறி ஓடினால், சராசரி நன்றாக இருந்தாலும் அசைவு நொண்டும். பிரதிபலிப்பின் செலவை முதலில் மேலே சொன்னபடி குறைத்துவிட்டுப் பிறகுதான் இதற்கு வரவேண்டும்.

## சுவர்க்கண்ணாடிக்கு வேறு கணக்கு

கண்ணாடியில் அலை இல்லை. படத்தின் அளவைக் குறைத்தால் முகத்தின் ஓரம் படிக்கட்டாகத் தெரியும். ஆனால் கண்ணாடி திரையில் கொஞ்ச இடத்தைத்தான் பிடிக்கிறது. அந்த இடத்துக்கு மட்டும் பார்வையைக் குறுக்குவதே இங்கே சரியான வழி.

கண்ணாடியின் நான்கு மூலைகளையும் திரைக்கு மாற்றுங்கள். −1 முதல் 1 வரையிலான அளவில் அது x: −0.1 முதல் 0.3 வரை, y: −0.2 முதல் 0.6 வரை விழுகிறது என்று கொள்வோம். அகலம் திரையில் 20%, உயரம் 40%. புரொஜெக்‌ஷன் மேட்ரிக்ஸை x திசையில் 5 மடங்கு, y திசையில் 2.5 மடங்கு பெரிதாக்கி, இரண்டிலும் −0.5 நகர்த்தினால் அந்தச் செவ்வகமே முழுப் படமாகிவிடும்.

```
x: அளவு = 2/(x1-x0) = 5,    நகர்வு = -(x1+x0)/(x1-x0) = -0.5
y: அளவு = 2/(y1-y0) = 2.5,  நகர்வு = -(y1+y0)/(y1-y0) = -0.5
```

1920×1080 திரையில் அந்தச் செவ்வகம் 384×432 பிக்சல், மொத்தம் 1,65,888. முழுத் திரையைப் பாதி அளவில் வரைந்த 5,18,400 பிக்சலில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. ஆனால் இது முழுக் கூர்மையோடு இருக்கிறது. அதைவிடப் பெரிய லாபம், பார்வைக் கூம்பு ஒடுங்கியதால் அறையில் கண்ணாடிக்குத் தெரியாத பொருட்கள் தாமாகவே கழிந்துவிடும். இங்கே டிரா காலும் சேர்ந்து குறைகிறது.

மூன்று எச்சரிக்கைகள். ஷேடரில் திரையிடத்தையும் இதே செவ்வகத்துக்கு ஏற்ப மாற்றவேண்டும். செவ்வகத்தின் அளவு மாறும்போதெல்லாம் புது டெக்ஸ்சர் உருவாக்கினால் ஓட்டம் திக்கும், ஆகவே போதிய அளவில் ஒன்றை வைத்துக்கொண்டு அதன் ஒரு பகுதியில் மட்டும் வரையுங்கள். விளையாடுபவர் கண்ணாடியை உரசிக்கொண்டு நடந்தால் சில மூலைகள் கேமராவுக்குப் பின்னால் போய்விடும். அப்போது திரைக்கு மாற்றிய எண்கள் அர்த்தமற்றவை, அந்த ஃப்ரேமில் முழுப் பார்வைக்கே திரும்பிவிடுங்கள்.

எதிரெதிராக இரண்டு கண்ணாடிகள் இருந்தால் ஒன்றின் கேமரா மற்றதை வரையச் சொல்லும், அது இதை வரையச் சொல்லும். பிரதிபலிப்புக் கேமரா வரைந்துகொண்டிருக்கும்போது புதிய பிரதிபலிப்பைத் தொடங்கவிடாத ஒரு பூலியன் இல்லாவிட்டால் நிரல் முடங்கிவிடும். உள்ளே தெரியும் இரண்டாவது கண்ணாடியில் அதன் முந்தைய ஃப்ரேமின் படத்தையே ஒட்டிவிடுவது பலரும் செய்யும் குறுக்குவழி. அது இன்னொரு இடத்திலிருந்து பார்த்த படம் என்பதால் கோணம் சரியாக இருக்காது, ஆனால் திரையில் சில நூறு பிக்சலுக்குள் அடங்கிவிடுவதால் தப்பித்துவிடும்.